கேஸ் பிரசன்டேஷன்: தேதிகளை எடுத்தால் கதை புரியவில்லையே?

"மாணவர்களுக்குக் காட்டும் கேஸில் நோயாளி யார் என்று தெரியக்கூடாதென்று பெயர், உள்நோயாளி எண் எல்லாம் எடுத்துவிட்டேன். தேதிகளையும் எடுத்தால் நோயின் போக்கே புரியவில்லை. என்ன செய்வது?"

தேதியை அழிக்காமல் நாள் கணக்காக மாற்றுங்கள். அட்மிஷன் நாள் 0. மார்ச் 3 அட்மிஷன், 5 அறுவை சிகிச்சை, 9 காய்ச்சல் என்றால் நாள் 0, நாள் 2, நாள் 6. அறுவைக்குப் பின் 4ஆம் நாள் காய்ச்சல் என்பது அப்படியே நிற்கிறது. மாணவர்களுக்கு அதுதானே வேண்டும். பிறந்த தேதிக்குப் பதில் வயது போதும்.

பெரும்பாலும் தேதி தப்பிப்பது வாக்கியங்களுக்குள்தான்: "போன ஞாயிறு விழுந்தார்", "தேர்தலன்று வலி தொடங்கியது". அப்புறம் ஸ்கேன் படத்தின் மூலையில் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கும். PowerPoint-இல் கிராப் செய்தால் அது மறையுமே தவிரப் போகாது. Compress Pictures-இல் Delete cropped areas of pictures கொடுக்க வேண்டும். வெட்டிய பிறகே படத்தை உள்ளே சேர்ப்பது இன்னும் நல்லது.

முடித்ததும் நோயாளியின் பெயர், பரிந்துரைத்த மருத்துவர் பெயர், ஆண்டு, மாதப் பெயர்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் சிக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும்: அரிய நோய், வித்தியாசமான தொழில், வயது மூன்றும் சேர்ந்தால் பெயரே இல்லாமல் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நோயறிதலுக்குத் தொழில் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள்; தேவை என்றால் நோயாளியிடம் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள்.