காலக்கோட்டுப் படத்தைப் பார்த்து ஆண்டு வரிசையில் எழுதுதல்: கேள்வி பதில்

மாங்குளம் ரீச்சர்: வடக்கு ரயில் பாதை பற்றின காலக்கோட்டுப் படம் ஒண்டு சுவரில ஒட்டியிருக்கு. போனில எடுத்து, வரி வரியா இடமிருந்து வலமாப் பார்த்து எழுதினன். 1964க்குப் பிறகு 2013 செப்ரெம்பர், பிறகு 2013 மே, 2011, 1990, பிறகு திடீரெண்டு 2014. படம் பிழையா, நான் எழுதினது பிழையா?

பதில்: படம் சரி, ரீச்சர். அது பாம்பு மாதிரி வளைந்து போகிற கோடு. முதல் வரி வலப்பக்கம் போய் முடிந்ததும், கோடு கீழே வளைந்து வலமிருந்து இடமாகத் திரும்பி வருது. மூன்றாவது வரி மறுபடி இடமிருந்து வலம். நாங்கள் கொப்பி வாசிக்கிற பழக்கத்தில எல்லா வரியையும் ஒரே பக்கமாய் வாசிச்சால் நடு வரி தலைகீழாய்த்தான் வரும். ஒரு வரிக்குள்ள ஆண்டுகள் குறைந்துகொண்டு போனால், அந்த வரியை மறுபக்கத்தில இருந்து வாசிக்க வேணும் எண்டு அர்த்தம். வளைவில அம்புக்குறி இருக்கா எண்டும் பாருங்கோ.

அதுக்கு முதல் செய்ய வேண்டியது ஒண்டு: எழுதத் தொடங்க முன்னம் கோட்டில இருக்கிற புள்ளிகளை எண்ணி, தாளின்ர மூலையில எழுதி வையுங்கோ. நீங்கள் அனுப்பின படத்தில வரிக்கு நாலு, மொத்தம் 12. கடைசியில பட்டியலிலயும் 12 வர வேணும்.

பிறகு பெட்டிகளைப் பார்க்க வேண்டாம், காம்பைப் பாருங்கோ. இடம் போதாததால வரைந்தவர் ஒரு பெட்டியைக் கோட்டுக்கு மேலயும் அடுத்ததைக் கீழயும் வைச்சிருக்கிறார். அகலமான பெட்டி பக்கத்துப் புள்ளிக்கு மேலயும் போய் நிற்குது. எந்தப் பெட்டி எந்தப் புள்ளிக்கு உரியது எண்டதைப் புள்ளியில இருந்து போற மெல்லிய காம்புக் கோடுதான் சொல்லும். புள்ளியில விரலை வைச்சு, காம்பு வழியாய்ப் பெட்டிக்குப் போய், திகதியையும் நிகழ்வையும் ஒரே மூச்சில எழுதுங்கோ. முதலில திகதி எல்லாத்தையும் எழுதிப்போட்டு, பிறகு நிகழ்வுகளை எழுதிப் பொருத்தினால் ஒரு இடத்தில வழுக்கினாலும் மிச்சம் எல்லாம் ஒரு படி தள்ளிப் போயிடும்.

உங்கட படத்தை அப்படி வாசிச்சால் வாறது இது:

1905 – காங்கேசன்துறை வரை பாதை திறப்பு
1914 – தலைமன்னார் பாதை
23.04.1956 – யாழ்தேவி ஓடத் தொடங்கியது
22.12.1964 – புயல், தனுஷ்கோடி அழிவு
1990 – வவுனியாவுக்கு வடக்கே சேவை நிறுத்தம்
27.05.2011 – ஓமந்தை
14.05.2013 – மடு வீதி
14.09.2013 – கிளிநொச்சி
04.03.2014 – பளை
13.10.2014 – யாழ்ப்பாணம்
02.01.2015 – காங்கேசன்துறை
14.03.2015 – தலைமன்னார்

எழுதி முடிச்ச பிறகு ஊர்ப்பெயரை வைச்சே சரிபார்க்கலாம். போருக்குப் பிறகு பாதை தெற்கில இருந்து வடக்காய்த் திறந்துகொண்டு போனது. ஓமந்தை, கிளிநொச்சி, பளை, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை. மதவாச்சியில பிரிகிற மன்னார்ப் பாதையில மடு வீதிக்குப் பிறகுதான் தலைமன்னார். உங்கட பட்டியலில பளை கிளிநொச்சிக்கு முன்னம் வந்தால், ஏதோ ஒரு காம்பை மாறிப் பிடிச்சிருக்கிறியள். திரும்பப் படத்துக்குப் போங்கோ, பட்டியலிலயே மாத்திவிடாதேங்கோ.

பரந்தன் தம்பி: 04.03.2014 எண்டால் மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? 02.01.2015உம் அப்படித்தான் குழப்புது.

பதில்: தனியே அந்த ரெண்டையும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை வராது. அதே படத்தில 12ஐவிடப் பெரிய எண் முன்னுக்கோ நடுவிலயோ இருக்கிற திகதியைத் தேடுங்கோ. 13.10.2014 இருக்கு. 13ஆம் மாதம் இல்லை, ஆகவே முன்னுக்கு இருக்கிறது நாள். 14.05.2013, 23.04.1956 ரெண்டும் அதையே சொல்லுது. ஒருவர் வரைந்த படத்தில முறை மாறாது எண்டு எடுக்கலாம், அதால 04.03 மார்ச் 4, 02.01 ஜனவரி 2. பட்டியலில மாதத்தை எழுத்தில போடுங்கோ, அடுத்தாள் இதே கேள்வியோட வரமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. பல இடத்தில இருந்து வெட்டி ஒட்டின படமெண்டால் முறை கலந்திருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் படத்தில இருக்கிறபடியே எண்ணில விட்டு, பக்கத்தில கேள்விக்குறி போடுங்கோ.

செட்டிகுளம் அக்கா: ஆண்டு மட்டும் இருந்தால் ஜனவரி 1 எண்டு போட்டால் வரிசைப்படுத்த லேசுதானே? நான் அப்படித்தான் செய்யிறனான்.

பதில்: வரிசைப்படுத்த லேசு, அது உண்மை. ஆனால் நாளைக்கு உங்கட பட்டியலைப் பார்க்கிறவர் தலைமன்னார்ப் பாதை 1914 ஜனவரி முதலாம் திகதி திறந்ததெண்டு எழுதுவார். படம் அப்படிச் சொல்லேல்ல. ஆண்டு மட்டும் இருந்தால் ஆண்டு மட்டும் எழுதுங்கோ. கணினியில வரிசைப்படுத்த வேணுமெண்டால் அதுக்கெண்டு வேற நிரல் வைச்சு அதில போடுங்கோ, கடைசியில அந்த நிரலை மறைச்சுவிடுங்கோ.

ஒரே ஆண்டில ஒண்டுக்கு முழுத் திகதியும் மற்றதுக்கு ஆண்டு மட்டும் எண்டால், கோட்டில எது முன்னுக்கு நிற்குதோ அதுதான் முன்னுக்கு.

முறிகண்டிப் பெடியன்: எந்த அப்பில போட்டால் தானா எழுதித் தரும்?

பதில்: எழுத்தை எடுத்துத் தாற அப் கனக்க இருக்கு. ஆனால் அதுகள் மேலயிருந்து கீழ, இடமிருந்து வலம் எண்டுதான் எடுக்கும். ரீச்சர் நடு வரியில விட்ட அதே பிழை. எழுத்தை எடுக்கப் பாவியுங்கோ, வரிசையை நீங்கள் போடுங்கோ.

நெடுங்கேணி ஐயா: வவுனியாவில இருந்து காலமை யாழ்ப்பாணக் கோச்சி எத்தினை மணிக்கு?

பதில்: ஐயா, இது நேர அட்டவணை இல்லை. வவுனியா ஸ்ரேசனில கேளுங்கோ.

கற்சிலைமடு வாசகர்: எங்கட படம் பண்டாரவன்னியனில தொடங்கி 2015 வரை போகுது. 25.08.1803 முல்லைத்தீவுக் கோட்டை பிடிபட்டது, 31.10.1803 கற்சிலைமடுத் தோல்வி. எக்செலில போட்டு வரிசைப்படுத்தினால் இந்த ரெண்டும் 2015க்குக் கீழ போய் நிற்குது. ஏன்?

பதில்: எக்செலுக்கு நாட்காட்டி 1900இல தான் தொடங்குது. அதுக்கு முந்தின திகதியை அது திகதியாய் எடுக்காது, வெறும் எழுத்தாய் வைச்சிருக்கும். ஏறுவரிசையில எண்கள் முதல், எழுத்துகள் பிறகு. திகதி அதுக்கு எண். அதால 1803 கடைசிக்குப் போகுது.

இன்னொரு பொறியும் இருக்கு. திகதி வடிவம் கொடுத்த கட்டத்தில வெறும் 2013 எண்டு அடிச்சால் அது 1905 ஜூலை 5 ஆகிவிடும், ஏனெண்டால் 1900இல இருந்து 2013ஆவது நாள் எண்டு எடுக்குது. பட்டியலில சம்பந்தமில்லாமல் 1905 கண்டால் இதுதான் காரணம். ரயில் பட்டியலில உண்மையான 1905உம் இருக்கிறபடியால் கவனம் கூட வேணும்.

முழு நிரலையும் முதலே Text ஆக்கிப்போட்டு, ஆண்டை முன்னுக்கு வைச்சு அடியுங்கோ:

```
1803-08-25
1803-10-31
1914
2013-09-14
```

இப்படி அடிச்சால் எழுத்தாய் இருந்தாலும் வரிசை சரியாய் வரும். நாளை முன்னுக்கு வைச்சால் 02.01.2015 எல்லாத்துக்கும் மேல வந்து நிற்கும்.

முருங்கன் அண்ணை: பட்டியலில 22.12.1964 பிழை. தனுஷ்கோடிப் புயல் 23ஆம் திகதி. பாடமா 23 எண்டுதான் படிச்சனாங்கள். திருத்துங்கோ.

பதில்: படத்தில 22. அதால பட்டியலிலயும் 22.

மாங்குளம் ரீச்சர்: பிழையெண்டு தெரிஞ்சும் அப்படியே எழுதுறதோ? பிள்ளையள் பார்த்துப் படிக்கப் போகுதுகள்.

வவுனியா ரயில் பிரியர்: ரெண்டு பேரும் சரி. புயல் 22ஆம் திகதி இலங்கையின்ர வடக்கைக் கடந்து, அந்த இரவே தனுஷ்கோடியை அடிச்சது. பாம்பனில இருந்து போன ரயில் கடலோட போனது நள்ளிரவை ஒட்டின நேரம். அதுதான் ஒரு இடத்தில 22, இன்னொரு இடத்தில 23. பேசாமல் 22–23 எண்டு போடுங்கோ.

பதில்: தகவல் சரி, ஆனால் 22–23 எண்டு போட எனக்கு மனமில்லை. படத்தில இல்லாத ஒரு திகதி பட்டியலில வந்தால், பட்டியலைப் படத்தோட ஒப்பிடுறவருக்கு எது படம் சொன்னது, எது நாங்கள் சொன்னது எண்டு தெரியாமல் போயிடும். அந்த வரியில 22 இருக்கட்டும். வரிக்குக் கீழ தனியாய் "எழுதியவர் குறிப்பு: இரவில் நடந்ததால் 23 என்றும் சொல்லப்படும்" எண்டு ஒரு வரி போடுங்கோ. பிள்ளைகளுக்கும் விசயம் போய்ச் சேரும்.

முருங்கன் அண்ணை: குறிப்பை ஆர் வாசிக்கிறது? மேல இருக்கிறதைத்தான் எழுதிக்கொண்டு போவினம்.

பதில்: அது வாசிக்கிறவையில இருக்கிற குறை. படத்தில அச்சுப்பிழையா 1956க்கு 1965 எண்டு இருந்தாலும் இதையேதான் சொல்லுவன்.

மாங்குளம் ரீச்சர்: மன்னிக்கோணும், வகுப்புக்கு நான் திருத்தித்தான் எழுதுவன்.

பதில்: வகுப்புக்கு எழுதுறது பாடக்குறிப்பு, ரீச்சர், அதில திருத்துங்கோ. அதுக்கு மேல "படத்தில் உள்ளபடி" எண்டு தலைப்புப் போடாதேங்கோ, அவ்வளவுதான்.

புதுக்குடியிருப்பு: நல்ல அப் ஒண்டு சொல்லுங்கோ.

பதில்: மேல பாருங்கோ.

பூநகரித் தங்கச்சி: 1990இல இருந்து 2013 வரை சிவப்புப் பட்டை ஒண்டு கோட்டோட ஓடுது. அது ஒரு நிகழ்வா, ரெண்டா?

பதில்: ஒண்டு. தொடங்கின ஆண்டுக்குரிய இடத்தில "1990–2013" எண்டு வையுங்கோ. முடிவில தனிப்புள்ளி இருந்தால் மட்டும் 2013இல இன்னொரு வரி. பட்டையின்ர நுனி ரெண்டு புள்ளிக்கு நடுவில முடிஞ்சால், அளந்து ஆண்டு கண்டுபிடிக்க வெளிக்கிடாதேங்கோ. இந்த மாதிரிப் படங்களில 1914க்கும் 1956க்கும் நடுவில இருக்கிற தூரமும், 2013 மேக்கும் செப்ரெம்பருக்கும் நடுவில இருக்கிற தூரமும் ஒண்டுதான்.

விசுவமடு: எந்த அப்…

பதில்: வேண்டாம், தம்பி.

கற்சிலைமடு வாசகர்: நீங்கள் சொன்னமாதிரி எண்ணினன். படத்தில 17 புள்ளி, பட்டியலில 16. எங்க போனதெண்டு விளங்கேல்ல.

பதில்: முதலில வளைவைப் பாருங்கோ. வரி முடிஞ்சு கீழ திரும்புற இடத்தில, ஓரத்தில ஒரு புள்ளி இருக்கும்; மேல் வரியோடயும் சேராது, கீழ் வரியோடயும் சேராது, அதால ரெண்டிலயும் விடுபடும். அங்க இல்லையெண்டால் வெளிச்சம் பட்டு வெள்ளையாய்ப் போன இடத்தைப் பாருங்கோ. லமினேற் பண்ணின படமெண்டால் பிளாஷை நிப்பாட்டிப்போட்டு, கொஞ்சம் பக்கத்தில நிண்டு அந்தத் துண்டை மட்டும் திரும்ப எடுங்கோ. வட்ஸ்அப்பில அனுப்பும்போது Document ஆக அனுப்புங்கோ, படமாய் அனுப்பினால் சின்ன எழுத்து கரைஞ்சு போயிடும். ரெண்டிலயும் இல்லாட்டி, ரெண்டு புள்ளியில இருந்து காம்பு வந்து ஒரே பெட்டியில சேருதா எண்டு பாருங்கோ. 1803இன்ர ரெண்டு திகதியும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கக்கூடும். அப்படியெண்டால் அதை ரெண்டு வரியாய்ப் பிரிச்சு எழுதுங்கோ.