2.10, 11/10: ஆட்ஸிலிருந்து நிகழ்தகவை எடுப்பது எப்படி?

கேள்வி: ஒரே கால்பந்து போட்டிக்கு ஓரிடத்தில் 2.10 என்றும் இன்னோரிடத்தில் 11/10 என்றும் ஆட்ஸ் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? இதிலிருந்து அந்த அணி ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுவரை பந்தயம் கட்டியதே இல்லை.

பதில்:

இரண்டும் ஒன்றுதான். நீங்கள் கட்டிய பணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களா, விட்டுவிட்டுச் சொல்கிறார்களா என்பது மட்டுமே வித்தியாசம்.

தசம ஆட்ஸ், ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தத் தொகையைச் சொல்கிறது. 2.10-இல் 100 கட்டி ஜெயித்தால் 210 வரும். அதில் 100 உங்கள் சொந்தப் பணம், 110 லாபம். பின்ன ஆட்ஸ் லாபத்தை மட்டும் சொல்கிறது. 11/10 என்றால் 10 கட்டினால் 11 லாபம், கட்டிய 10 தனியாகத் திரும்பி வரும். ஆகவே பின்னத்தை வகுத்து ஒன்றைக் கூட்டினால் தசமம் கிடைத்துவிடும்: 11 ÷ 10 = 1.10, கூட்டல் 1, ஆக 2.10.

அந்த ஒன்றைக் கூட்ட மறப்பதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு. 5/2-ஐப் பார்த்ததும் மனம் 2.5 என்று படித்துவிடும். ஆனால் 5/2 என்பது தசமத்தில் 3.50. தசமம் 2.50-க்குச் சமமான பின்னம் 6/4. (இதைச் சுருக்கி 3/2 என்று எழுதலாமே என்று தோன்றும், குதிரைப் பந்தய வழக்கத்தில் 6/4 என்றே நிலைத்துவிட்டது.) மேலே சின்ன எண், கீழே பெரிய எண் இருந்தாலும் குழம்ப வேண்டாம். 4/6 என்றால் 6 கட்டினால் 4 லாபம், அதாவது தசமத்தில் சுமார் 1.67. ஜெயிக்கும் என்று பலரும் நம்பும் அணிக்கு இப்படித்தான் வரும்.

இனி நிகழ்தகவு. தசமம் என்றால் 1-ஐ அந்த எண்ணால் வகுங்கள்: 1 ÷ 2.10 = 0.4762, அதாவது 47.62%. பின்னம் என்றால் கீழ் எண்ணை, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 10 ÷ (11 + 10), அதே 47.62%. 5/2-க்கு 2 ÷ 7, அதாவது 28.57%. இதையே 2.5 என்று தவறாகப் படித்திருந்தால் 40% என்று வந்திருக்கும். ஒரு ‘ஒன்று’ விட்டுப்போனதில் பதினோரு சதவீதப் புள்ளி பிசகு!

ஆனால் இந்த 47.62%-ஐ அப்படியே ‘அணி ஜெயிக்கும் வாய்ப்பு’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போட்டியின் மூன்று முடிவுகளுக்கும் ஆட்ஸ் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: உள்ளூர் அணி 2.10, டிரா 3.40, எதிரணி 3.60. தனித்தனியே வகுத்தால் 47.62, 29.41, 27.78. கூட்டிப் பாருங்கள், 104.81 வருகிறது. மூன்றில் ஒன்று நடந்தே தீரும் என்பதால் கூட்டுத்தொகை 100 ஆகத்தான் இருக்க வேண்டும். மிச்சமுள்ள 4.81, பந்தயம் நடத்தும் புக்கியின் பங்கு. ஒவ்வொரு ஆட்ஸையும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து அதை எடுத்துக்கொள்கிறார். உங்கள் கூட்டுத்தொகை 100-க்குக் கீழே வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு முடிவைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்; கால்பந்தில் அது அநேகமாக டிராதான்.

அந்தப் பங்கைக் கழிக்க, ஒவ்வொன்றையும் 104.81-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். உள்ளூர் அணிக்கு 45.43%, டிராவுக்கு 28.06%, எதிரணிக்கு 26.51%. சந்தை உண்மையில் என்ன நினைக்கிறது என்பதற்கு இது இன்னும் நெருக்கமான எண். நெருக்கம்தான், துல்லியம் இல்லை. புக்கி தன் பங்கை எல்லா முடிவுகளிலும் ஒரே விகிதத்தில் வைப்பதாக இந்த வழி எடுத்துக்கொள்கிறது. 20.00, 30.00 போன்ற பெரிய ஆட்ஸில் பங்கை அதிகமாக வைப்பது பரவலாகக் காணப்படுவது. அந்த இடங்களில் இந்தக் கணக்கு, வாய்ப்பை உள்ளதைவிடக் கூட்டியே காட்டும்.

இப்போது கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன, 47.62-உம் 45.43-உம். எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 45.43 சந்தையின் கணிப்பு. 47.62 நீங்கள் கைநஷ்டம் இல்லாமல் தப்பிக்கத் தேவையான எண். இதே 2.10-இல், தலா 100 வீதம் நூறு முறை கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். செலவு 10,000. 45 முறை ஜெயித்தால் 9,450 திரும்பும், 550 போச்சு. 48 முறை ஜெயித்தால் 10,080, லாபம் வெறும் 80. ஆகவே ‘இந்த அணிக்கு 46% வாய்ப்பு’ என்று நீங்கள் கணித்து, அது சரியாகவே இருந்தாலும், சந்தையைவிட நன்றாகக் கணித்தவர் நீங்கள், ஆனாலும் 2.10-இல் கட்டினால் நஷ்டம்தான். 46%-க்கு நியாயமான ஆட்ஸ் 1 ÷ 0.46, அதாவது சுமார் 2.17. அதற்கு மேல் கிடைக்காவிட்டால் கட்டாமல் விடுவதே கணக்குக்குச் சரி.