ஹால் விளைவுக் கருவி: தாளில் ஒன்று, அளவீட்டில் வேறொன்று

கேள்வி: எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்கு ஹால் விளைவுக் கருவி வாங்கினோம். ஜெர்மானியம் மாதிரியோடு வந்த சோதனைத் தாளில் 'என் வகை, தடிமன் 0.5 மி.மீ., ஊர்திச் செறிவு கன செ.மீ.க்கு 1 × 10¹⁵' என்று இருக்கிறது. 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், 2,000 காஸ் புலத்தில் 16.3 மில்லி வோல்ட் வந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் செறிவு 6 × 10¹⁴ தான் வருகிறது. புலத்தைத் திருப்பினால் −16.3 வர வேண்டிய இடத்தில் −3.7 காட்டுகிறது. குறியைப் பார்த்தால் பி வகை போலவும் தெரிகிறது. விற்றவரைக் கேட்டால், "மாதிரி சூடேறிக் குறி மாறியிருக்கும், கருவியில் குறை இல்லை" என்கிறார். திருப்பிக் கொடுக்கலாமா?
— ஆய்வகப் பொறுப்பாளர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் கலந்திருக்கின்றன. செறிவு பற்றியதில் விற்றவர் பக்கம் நியாயம் இருக்கிறது. குறி பற்றியதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் அதை நிரூபிக்கும் விதமாக அளந்திருக்க வேண்டும்.

முதலில் செறிவு. பட்டையின் இரு விளிம்புகளிலும் மின்னழுத்தம் எடுக்கும் முனைகள் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கையால் பற்றவைக்கும்போது அது துல்லியமாக அமைவதில்லை. ஒரு முனை நீளவாக்கில் சற்றே தள்ளி அமைந்துவிட்டால், மின்னோட்டத்தால் பட்டையின் நீளத்தில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சியில் ஒரு பங்கு உங்கள் அளவீட்டில் கலந்துவிடும். இந்தப் பங்குக்கும் காந்தத்துக்கும் தொடர்பில்லை, எனவே புலத்தைத் திருப்பினாலும் அது திரும்பாது. ஹால் மின்னழுத்தம் மட்டுமே குறி மாறும். அதனால் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுக்க வேண்டும்: 16.3-லிருந்து −3.7-ஐக் கழித்தால் 20, அதில் பாதி 10 மில்லி வோல்ட். இதுதான் உண்மையான ஹால் மின்னழுத்தம். மீதி 6.3 மில்லி வோல்ட் முனை விலகலால் வந்தது. காந்தத்தை அணைத்துவிட்டு அதே 4 மில்லி ஆம்பியரில் பாருங்கள், ஏறக்குறைய இந்த 6.3 தான் தெரியும்.

இது பெரிய விலகலா என்றால், இல்லை. இந்தச் செறிவுள்ள ஜெர்மானியத்தில், 4 மி.மீ. அகலப் பட்டை என்று வைத்துக்கொண்டால், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தள்ளியிருந்தாலே 6 மில்லி வோல்ட் வந்துவிடும். இதைக் குறை என்று சொல்லித் திருப்பினால், மாற்றித் தரும் மாதிரியிலும் கொஞ்சம் இருக்கவே செய்யும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 2,000 காஸ் என்பது 0.2 டெஸ்லா.

n = IB / (V q t) = (0.004 × 0.2) / (0.010 × 1.6 × 10⁻¹⁹ × 0.0005) = 10²¹

இது கன மீட்டருக்கு. கன சென்டிமீட்டருக்கு 10¹⁵, தாளில் உள்ளதேதான். சில கையேடுகளில் இதை 3π/8 ஆல், அதாவது சுமார் 1.18 ஆல் பெருக்கச் சொல்வார்கள். ஊர்திகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதற்கான திருத்தம் அது. எனவே தாளுக்கும் உங்களுக்கும் 18 சதவீதம் வேறுபட்டாலும் சண்டை போட வேண்டாம். எந்தச் சூத்திரம் என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மின்காந்தத்தின் இரும்பில் பழைய காந்தம் மிச்சம் இருக்கும். சுருளின் மின்னோட்டத்தைத் திருப்பினாலும் புலம் அதே அளவில் திரும்பிவிடும் என்று நம்பாதீர்கள். இரு திசையிலும் காஸ் மீட்டரால் அளந்து 2,000-க்குக் கொண்டுவாருங்கள்.

இனி குறி. விற்றவர் சொன்ன சமாதானத்தை நான் ஏற்கவில்லை. சூட்டால் ஹால் குறி மாறுவது உண்மைதான், ஆனால் அவர் சொல்லும் திசையில் அல்ல. ஜெர்மானியம் சூடேறினால் எலக்ட்ரான்களும் துளைகளும் சோடி சோடியாகப் பெருகும். அதில் எலக்ட்ரான்கள் துளைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு எளிதாக நகரும். எனவே பி வகை மாதிரி நன்கு சூடேறினால் அது என் வகை போலக் காட்டும். என் வகை மாதிரி எவ்வளவு சூடேறினாலும் பி வகை போலக் காட்டாது. உங்களுக்கு வந்ததோ பி. அதுவும் 10¹⁵ செறிவுள்ள மாதிரி குறி மாற, ஏறக்குறைய கொதிநீர் அளவுக்குச் சூடாக வேண்டியிருக்கும். 4 மில்லி ஆம்பியர் அதைச் செய்யாது.

ஆனால் அவரிடம் இதைச் சொல்வதற்கு முன் உங்கள் திசைகளை உறுதி செய்துகொள்ளுங்கள். குறி தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கருவியில் உள்ள கம்பிகளின் நிறத்தையோ காந்த முனையில் ஒட்டியுள்ள எழுத்தையோ நம்ப வேண்டாம். மின்னோட்டம் எந்த முனையில் நுழைகிறது என்று மல்டிமீட்டரால் பாருங்கள். புலத்தின் திசையைத் திசைகாட்டி ஊசியால் பாருங்கள்: அதன் வடமுனை காட்டும் திசையே புலத்தின் திசை. இதற்குச் சுருளில் மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். 2,000 காஸில் ஊசியின் காந்தமே தலைகீழாகிவிடலாம், பிறகு அது வடக்கைத் தெற்கு என்று காட்டும்.

பட்டையை உங்கள் முன் நிறுத்தி, மின்னோட்டம் இடமிருந்து வலமாகவும் புலம் உங்களை நோக்கியும் வரும்படி வையுங்கள். அப்போது ஊர்திகள் கீழ் விளிம்புக்குத் தள்ளப்படும். எலக்ட்ரானானாலும் துளையானாலும் கீழேதான். எலக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்மறை, அது ஓடும் திசையும் எதிர்த்திசை. இரண்டும் சேர்ந்து விசையின் திசையை மாற்றாமல் விட்டுவிடுகின்றன. ஆகவே கீழ் விளிம்பில் குவிந்தது எது என்பதைத்தான் மீட்டர் சொல்கிறது. சிவப்பு முனையைக் கீழ் விளிம்பிலும் கருப்பை மேல் விளிம்பிலும் வையுங்கள். விலகல் பங்கைக் கழித்த பிறகு +10 வந்தால் துளைகள், பி வகை. −10 வந்தால் எலக்ட்ரான்கள், என் வகை. கழிக்காமல் ஒரே அளவை வைத்துக் குறியை முடிவு செய்துவிடாதீர்கள். புலம் 1,000 காஸ் மட்டும் இருந்திருந்தால் ஹால் பங்கு 5 தான், விலகல் 6.3. புலத்தைத் திருப்பினாலும் குறி மாறியிருக்காது.

இரண்டாவது சாட்சியும் இருக்கிறது. மாதிரியின் ஒரு முனையைப் பற்றவைப்புக் கோலை அருகில் காட்டி லேசாகச் சூடாக்கி, மின்னோட்டமும் காந்தமும் இல்லாமல் இரு முனைகளுக்கும் இடையே அளந்தால், என் வகையில் சூடான முனை நேர்மறையாகும், பி வகையில் எதிர்மறையாகும். மாதிரி எளிதில் உடையும், உத்தரவாதமும் போய்விடலாம். எனவே இதை விற்றவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்ற பிறகோ அவர் முன்னிலையிலோ செய்யுங்கள்.

இரண்டு சோதனையும் பி என்று சொன்னால், முழுக் கருவியையும் திருப்பாதீர்கள், மாதிரியை மட்டும் மாற்றக் கேளுங்கள். செறிவு சரியாக இருந்து குறி மட்டும் மாறியிருப்பதால், தொழிற்சாலையில் தாள் மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். பாடத்திட்டத்துக்குப் பி வகையும் போதும் என்றால், திருத்திய தாளை வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விலைப்பட்டியலில் 'என் வகை' என்று உள்ள வரியின் நகல், இரு புலத் திசைகளின் அளவுகள், முனைகளைக் குறித்த படம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசி, அடுத்து எங்கே புகார் தருவது என்று கேளுங்கள்.