வீடியோ காலில் மட்டும் மைக் போகிறது: சர்வீஸ் சென்டருக்கு எப்படி எழுதுவது?

"சாதாரண காலில் நன்றாகக் கேட்கிறது, வீடியோ காலில் மட்டும் என் குரல் போகவில்லை. தி.நகர் சர்வீஸ் சென்டரில் மைக் நல்லா இருக்கு என்று திருப்பித் தந்துவிட்டார்கள். கடிதத்தில் என்ன எழுதுவது?"

'மைக் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். கவுன்டரில் ஒரு கால் போட்டுப் பார்ப்பார்கள், கேட்கும், அவ்வளவுதான்.

பெரும்பாலான போன்களில் ஒன்றுக்கு மேல் மைக் உண்டு. காதில் வைத்துப் பேசும்போது சார்ஜர் துளைக்குப் பக்கத்து மைக்தான் முக்கியம். வீடியோ காலில், ஸ்பீக்கரில், பல போன்கள் மேல்பக்க மைக்கையும் பயன்படுத்தும். அது கெட்டாலோ, துளை அடைத்தாலோ குரல் அமுங்கிவிடும்.

முதலில் இரண்டு ஆப்களில் வீடியோ கால் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் கேட்காவிட்டால், அந்த ஆப்பின் மைக் அனுமதியைப் பாருங்கள். இரண்டிலும் என்றால் இப்படி எழுதலாம்:

"காதில் வைத்துப் பேசினால் குரல் தெளிவு. ஸ்பீக்கர் போட்டாலும், எந்த ஆப்பில் வீடியோ கால் செய்தாலும் எதிர்முனைக்குக் கேட்பதில்லை. ஹெட்செட் மாட்டினால் கேட்கிறது. கேமராவில் எடுத்த வீடியோவிலும் குரல் மங்கல். மேல்பக்க மைக்கைச் சோதித்து, என் முன்னிலையில் வீடியோ கால் செய்து பார்க்கவும்."

நீங்களே சோதித்துப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அப்புறம், ஜாப் ஷீட்டிலும் 'வீடியோ காலிலும் ஸ்பீக்கரிலும் மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளே பழுது பார்ப்பவர் கைக்குப் போவது பெரும்பாலும் அந்தத் தாள்தான்.