ஆஸ்-பில்ட் வரைபடம்: மூடும் முன் குறி, ஒப்படைக்கும் முன் சோதி (கேள்வி பதில்)

சைட் இன்ஜினியர், கோவை: சார், கட்டினதை கட்டினபடியே காட்டுற ஆஸ்-பில்ட் வரைபடத்துக்கு, டிராயிங் தாள்ல கையால குறிக்கிற மார்க்கப்பை மாசக் கடைசியில மொத்தமா எழுதினா போதாதா?

போதாது தம்பி. காலண்டரைப் பார்க்காதீங்க, எது எப்போ மூடப்படுதுன்னு பாருங்க. ஸ்லாபில் காங்கிரீட் விழும் முன், பள்ளத்தில் மண் விழும் முன், ஃபால்ஸ் சீலிங் போர்டு ஏறும் முன் அளவு தாளில் இருக்கணும். மூடுவதற்கான இன்ஸ்பெக்‌ஷன் ரிக்வெஸ்ட்டோட மார்க்கப் தாளின் நகலையும் இணைக்கச் சொல்லுங்க. தாள் இல்லையென்றால் கையெழுத்து கிடையாது.

அளவைத் தூணின் முகத்திலிருந்து இரண்டு திசையில் எடுங்க. பக்கத்துக் குழாயிலிருந்து எடுத்தால், அது நகரும் நாளில் உங்கள் அளவும் பொய்யாகும். சாக்கடைக் குழாய்க்கு அதன் உள்தளமான இன்வெர்ட் மட்டம், தண்ணீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் மேல்மட்டம் எழுதுங்க. போட்டோவில் டேப்பும் கிரிட் எண் எழுதிய பலகையும் தெரியணும்.

டிராஃப்ட்ஸ்மேன், சென்னை: சேர்த்தது சிவப்பு, நீக்கியது பச்சைன்னு ஒரு கன்சல்டன்ட். போன வேலையில தலைகீழா சொன்னாங்க. எது சரி?

நீங்க முதலில் சொன்னதுதான் பரவலான வழக்கம். குறிப்புகளுக்கு நீலம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும். எதுவானாலும் ஒவ்வொரு தாளிலும் நிற விளக்கம் எழுதுங்க. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் நிறம் போயிடும். அதனால் நீக்கியதன் மேல் பெருக்கல் குறியும் போடுங்க.

பிம் கோஆர்டினேட்டர், துபாய்: இன்னும் கலர் பேனாவா? டோட்டல் ஸ்டேஷன் சர்வே கருவியில கோஆர்டினேட் எடுத்து கட்டடத்தோட 3D மாடல்ல ஏத்திட்டா டேப் அளவே வேண்டாம்.

வெளிவளாகத்துக் குழாய்க்கு நீங்க சொல்வது முழுக்கச் சரி. அங்கே அளக்கப் பக்கத்தில் தூணே இருக்காது. கட்டடத்துக்குள் ஒத்துக்க மாட்டேன். ராத்திரி வால்வைத் தேடும் பிளம்பர் கையில் டேப்தான் இருக்கும்.

அதே நபர்: அவர் கையில டேப்லெட் கொடுத்தா போச்சு. மாடல்ல தொட்டா அளவு வரும்.

ஒப்படைத்துப் பத்து வருஷம் கழித்தும் அந்த மாடல் திறக்கும் என்று எழுதிக் கொடுப்பீங்களா? மாடல் கொடுங்க, தூணிலிருந்து அளவு போட்ட பி.டி.எஃப்.பும் கொடுங்க.

அதே நபர்: ரெட்டை வேலை சார். ரெண்டும் முரண்பட்டா எதை நம்புறது?

அது நியாயமான பயம். எது முதன்மை என்று ஒப்பந்தத்திலேயே எழுதணும். பல ஒப்பந்தங்களில் அந்த வரி இருப்பதில்லை.

பிளம்பிங் சூப்பர்வைசர், திருச்சி: ரெண்டு மேன்ஹோலுக்கு நடுவுல 24 மீட்டர், 150 எம்.எம். குழாய், வாட்டம் 100-க்கு 1. இன்வெர்ட் A 98.650, B 98.410. A-விலிருந்து 14 மீட்டரில் கேபிள் டிரெஞ்ச் குறுக்கே வந்ததால கீழே இறக்கி 98.300-னு குறிச்சோம். டிராயிங்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்?

கணக்குப் போடுங்க. 14 மீட்டரில் 98.510 இருக்கணும், நீங்க 210 மி.மீ. இறக்கியிருக்கீங்க. அங்கிருந்து B-க்குத் தண்ணீர் 110 மி.மீ. மேலே ஏறணும். எழுதியபடியே குழாய் இருந்தால், அந்த இடத்தில் 110 மி.மீ. தண்ணீர் எப்போதும் தேங்கி, கசடு படியும்.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். B-யையும் இறக்கிவிட்டு, டிசைன் எண்ணை அப்படியே எழுதியிருப்பீங்க. வாட்டம் சரியாக இருக்க B 98.200 அளவில் இருக்கணும். இல்லையென்றால் 98.300 என்பது குழாயின் உள்தளம் இல்லை, பள்ளத்தின் அடிமட்டம். இரண்டு மேன்ஹோலையும் திறந்து லெவல் கருவி வைத்து இன்வெர்ட் எடுங்க. பிறகு A-யில் டார்ச், B-யில் கண்ணாடி. குழாய் எழுதியபடி தொங்கினால் வெளிச்சம் நேராக வராது, ஏனென்றால் பள்ளத்தில் குழாயின் மேல் விளிம்பே 98.450-தான். கேமரா விட்டால் தேங்கல் கண்ணுக்கே தெரியும். எண் தவறா, குழாய் தவறா என்று தெரியாமல் டிராயிங்கை மட்டும் திருத்தாதீங்க.

வீட்டு உரிமையாளர், மதுரை: கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டுக்கு இந்த டிராயிங் கொடுக்கலாமா?

அதற்கு உள்ளாட்சி கேட்கும் வரைபடம் வேறுங்க. உங்கள் பிளான் போட்ட பதிவுபெற்ற பொறியாளரைக் கேளுங்க.

ஃபெசிலிட்டி மேனேஜர், பெங்களூரு: வாங்கிக்கிற பக்கம் நாங்க. எதைச் சோதிக்கணும்?

வரைபடத்தைக் கையில் பிடித்துக் கட்டடத்துக்குள் நடங்க. எந்த வால்வு, எந்த எம்.சி.பி. என்று நீங்க தேர்ந்தெடுங்க, காண்ட்ராக்டர் காட்டுவதை வேண்டாம். வால்வின் டேக் எண், வரைபடம், வால்வு பட்டியல் மூன்றிலும் ஒன்றா என்று பாருங்க. அப்புறம் அதை மூடுங்க. வரைபடம் சொல்லும் குழாய்கள் மட்டும் நிற்கணும், பக்கத்துக் கழிப்பறையும் நின்றால் வரைபடம் தவறு. எம்.சி.பி.யை இறக்கிப் பேனல் கதவிலுள்ள பட்டியலோடும் இப்படியே ஒப்பிடுங்க. ஏ.சி. டக்ட்டில் காற்றைத் தடுக்கும் டேம்பருக்கு நேர்கீழே திறப்பு இருக்கிறதா என்றும் ஏணி போட்டுப் பாருங்க. ஒரு தாளில் இரண்டு தவறு கண்டால் அந்தத் தாள் முழுவதையும் திருப்புங்க.

ஜூனியர் இன்ஜினியர், சேலம்: வேலைக்கு முன்னாடி போடுற ஷாப் டிராயிங்ல முத்திரையை மட்டும் மாத்தினா ஆஸ்-பில்ட் ஆகாதா சார்? எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

ஆகாது. மூடும் முன் எழுதிய அளவு எங்கே? அதைக் காட்டச் சொன்னால் என்ன காட்டுவீங்க? முதல் பதிலை மறுபடி படிங்க.

டிராஃப்ட்ஸ்மேன், சென்னை: DWG அனுப்பினோம், அவங்க பக்கம் பாதிக் கோடு காணோமாம்.

இணைப்பு ஃபைல்களை விட்டுட்டீங்க. ஆட்டோகேடில் `ETRANSMIT` போட்டு எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக அனுப்புங்க, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகு.