ரூட்டரை மாற்றிய பிறகு சில சாதனங்கள் மட்டும் கேட்வேயை எட்டவில்லை, ஏன்?

கேள்வி: ஆபீஸில் பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தோம். அதற்கும் அதே 192.168.1.1 தான் கொடுத்தோம். ஃபோன்கள் எல்லாம் ஓடுகின்றன. இரண்டு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் மட்டும் கேட்வே கிடைக்கவில்லை. பழைய ரூட்டர் மாடியில் வைஃபைக்காக ஓடுகிறது. ஏஆர்பி டேபிளை அழித்தால் போதுமா?

பதில்:

எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்று கம்ப்யூட்டர் குறித்து வைப்பதுதான் அந்த டேபிள், அழிப்பதற்கு முன் அதைப் படித்துப் பாருங்கள். கோளாறு எங்கே என்பதை அதில் கேட்வேக்கான ஒரு வரியே சொல்லிவிடும். முதலிலேயே அழித்தால் தடயம் போய்விடும். ஓடாத கம்ப்யூட்டரில்:

```
ping 192.168.1.1
arp -a
```

பட்டியலில் 192.168.1.1-க்கு எதிரே இருக்கும் மேக் முகவரியைப் புதிய ரூட்டரின் லேன் மேக்கோடு ஒப்பிடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் ஒரு மேக்தான் இருக்கும். லேன், வேன், வைஃபை மூன்றுக்கும் கடைசி எழுத்து மாறலாம். ஆகவே ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பார்ப்பது நல்லது. 224 என்று தொடங்கும் முகவரிகளுக்கும் 255 என்று முடிபவற்றுக்கும் `static` என்று காட்டுவது இயல்பு, அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

பழைய ரூட்டரின் மேக் இருந்து, பக்கத்தில் `dynamic` என்று இருந்தால், அது வெறும் பழைய பதிவாக இருக்க வாய்ப்பு குறைவு. விண்டோஸ் ஒரு பதிவைச் சரியென்று நம்பும் காலம் 15 முதல் 45 விநாடிதான். அதன் பிறகு கேட்வேக்கு எதையாவது அனுப்பும்போது மறுபடி விசாரிக்கும். பதில் வராவிட்டால் பதிவைத் தூக்கிவிடும். அப்படியும் பழைய மேக் நிற்கிறது என்றால், யாரோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முழுக்க அந்த மாடி ரூட்டர்மேல்தான். அதன் லேன் முகவரியும் இன்னும் 192.168.1.1 ஆக இருந்தால் இரண்டு ரூட்டரும் ஒரே கேள்விக்குப் பதில் தரும்; எந்தச் சாதனம் எதை ஏற்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சிலது ஓடும், சிலது ஓடாது.

சோதிப்பது எளிது. மாடி ரூட்டரின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து `arp -d 192.168.1.1` கொடுத்து, மறுபடி பிங் செய்யுங்கள். உடனே கிடைத்தால் குற்றவாளி அதுதான். பிறகு அதற்கு மறுபடி மின் இணைப்பு கொடுத்து, ஒரு லேப்டாப்பை அதோடு மட்டும் நேரடியாக இணைத்து, அந்த ரூட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, அதன் டிஹெச்சிபியை அணைத்து, ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள்.

பழைய மேக்கின் பக்கத்தில் `static` என்று இருந்தால் கதை வேறு. ஏஆர்பி ஏமாற்று வேலையைத் தடுக்க யாரோ ஒரு காலத்தில் கேட்வேயின் மேக்கைக் கையால் பூட்டி வைத்திருக்கிறார்கள். இது தானாக மாறாது. `netsh` மூலம் நிரந்தரமாகப் பதிந்திருந்தால் ரீஸ்டார்ட் செய்தாலும் திரும்பி வரும். அப்போது மாடி ரூட்டரை அணைத்துவிட்டுப் பிங் செய்தால் `Request timed out` வரும், ஏனென்றால் பாக்கெட் இல்லாத முகவரியைத் தேடிப் போகிறது. (`Destination host unreachable` என்று உங்கள் கம்ப்யூட்டரின் ஐபியிலிருந்தே வந்தால், ஏஆர்பி கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று பொருள், கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள்.) பூட்டை எடுக்க, அதே அட்மினிஸ்ட்ரேட்டர் விண்டோவில்:

```
netsh interface ipv4 delete neighbors "Ethernet" 192.168.1.1
```

`Ethernet` என்ற இடத்தில் உங்கள் அடாப்டரின் பெயர் வர வேண்டும்.

மேக் சரியாகவே இருந்தும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் முகவரி ஒதுக்கீட்டைப் பாருங்கள். எந்தச் சாதனத்துக்கு எப்போதும் எந்த ஐபி என்று பழைய ரூட்டரில் வைத்திருந்த ரிசர்வேஷன் பட்டியல் புதியதற்குத் தெரியாது. அதன் லீஸ் பட்டியலும் காலியாகத் தொடங்கும். பிரின்டர் 192.168.1.20 என்று கையால் அமைக்கப்பட்டிருக்க, புதிய ரூட்டரின் பூல் .2 முதல் .254 வரை இருந்தால், அந்த .20 ஒரு ஃபோனுக்கும் போய்விடலாம். தரும் முன் பிங் செய்து பார்க்கும் ரூட்டரும் உண்டு, ஆனால் அந்த நேரம் பிரின்டர் அணைந்திருந்தால் அதனால் பயனில்லை. பூலை .100 முதல் .199 என்று சுருக்கி, கையால் வைத்த முகவரிகளை அதற்குக் கீழே நிறுத்துங்கள். ரிசர்வேஷன் பூலுக்குள்தான் இருக்க வேண்டும் என்று சில ரூட்டர்கள் அடம்பிடிக்கும், அங்கே .190-க்கு மேல் ஒதுக்கிக்கொள்ளலாம்.

ரிசர்வேஷன் போட்டதும் முகவரி மாறிவிடாது. சுவிட்ச் வழியாக இணைந்த சாதனத்துக்கு ரூட்டர் மாறியதே தெரியாது, அதன் கேபிள் கழற்றப்படவில்லையே. 24 மணி நேர லீஸ் என்றால் பாதி நேரம் கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கும். கம்ப்யூட்டரில் `ipconfig /release`, பிறகு `ipconfig /renew`. பிரின்டரை அணைத்துப் போட்டு, அதன் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தை அச்சிட்டு, ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே மூன்றையும் சரிபாருங்கள். ஐபி கையால் அமைக்கப்பட்டது என்று அதில் இருந்தால், ரூட்டரில் போட்ட ரிசர்வேஷனை அது கேட்கவே கேட்காது.