சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்: ரெக்கார்டு வேலைக்கு நடுவே ஒரு வாரம்

கேள்வி: மூன்றாம் செமஸ்டர் இசிஇ, ஹாஸ்டலில் இருக்கிறேன். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. இரண்டு லேப் ரெக்கார்டு வேறு பாதியில் நிற்கிறது. எப்படிப் படிப்பது?

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஐந்து யூனிட்டையும் வரிசைப்படி படிக்காதீர்கள். இரண்டும் நான்கும் ஒரு ஜோடி, மூன்றும் ஐந்தும் ஒரு ஜோடி. ஒன்றில் `t` இருக்கும் இடத்தில் மற்றதில் `n` இருக்கும், அவ்வளவுதான். லாப்லாஸ் போட்ட கை சூட்டோடு மறுநாளே இசட் டிரான்ஸ்ஃபார்ம் போட்டால் பாதி நேரம் மிச்சம்.

முதல் நாள் யூனிட் 1. சிஸ்டம் லீனியரா, டைம் இன்வேரியன்ட்டா, காசலா, ஸ்டேபிளா என்று பார்க்கும் கணக்குகளைப் பத்துப் பதினைந்து போட்டாலே போதும். இரண்டாம் நாள் லாப்லாஸ், மூன்றாம் நாள் இசட். நான்காம் நாள் யூனிட் 3, அதில் கன்வல்யூஷன்தான் முக்கியம். `e^(-2t)u(t)`-ஐ `u(t)`-உடன் கன்வால்வ் செய்தால் `(1/2)(1 - e^(-2t))u(t)` வரும். அதையே லாப்லாஸில் `1/(s(s+2))` என்று எழுதிப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால்தான் இன்டக்ரல் லிமிட்டைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஐந்தாம் நாள் யூனிட் 5. ஆறாம் நாள் ஃபோரியர் சீரிஸ், ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம், டிடிஎஃப்டி, சாம்ப்ளிங். ஏழாம் நாள் பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதுங்கள். பார்ட் ஏ-யில் பத்து இரண்டு மார்க், பி-யில் ஐந்து 13 மார்க், சி-யில் ஒரு 15 மார்க். நேரம் எங்கே போகிறது என்பது எழுதினால்தான் தெரியும்.

மார்க் கைநழுவுவது பெரும்பாலும் ஆர்ஓசி-யில். மூன்றாம் நாள் காலையில் இந்த ஒரு கணக்கை மட்டும் நிதானமாகப் போடுங்கள்:

```
H(z) = 1 / (1 - 2.5 z^-1 + z^-2)
     = 1 / ((1 - 0.5 z^-1)(1 - 2 z^-1))
     = (-1/3)/(1 - 0.5 z^-1) + (4/3)/(1 - 2 z^-1)
```

போல் இரண்டு: 0.5, 2. பார்ஷியல் ஃப்ராக்ஷன் ஒன்றுதான், ஆனால் ஆர்ஓசி-யைப் பொறுத்து மூன்று விதமான `h[n]` வரும். `|z| > 2` என்றால் இரண்டு டெர்முமே வலப்பக்கம் போகும்: `-(1/3)(0.5)^n u[n] + (4/3)2^n u[n]`. காசல்தான், ஆனால் `2^n` வளர்ந்துகொண்டே போவதால் ஸ்டேபிள் இல்லை. `0.5 < |z| < 2` என்றால் 0.5-இன் டெர்ம் அப்படியே இருக்கும், 2-இன் டெர்ம் மட்டும் இடப்பக்கம் திரும்பி `-(4/3)2^n u[-n-1]` ஆகும். யூனிட் சர்க்கிள் இந்த வளையத்துக்குள் இருப்பதால் ஸ்டேபிள், ஆனால் காசல் இல்லை. `|z| < 0.5` என்றால் இரண்டுமே இடப்பக்கம், அதனால் காசலும் இல்லை, ஸ்டேபிளும் இல்லை. இடப்பக்கம் திரும்பும்போது டெர்மின் குறி மாறும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

விடை சரியா என்று பார்க்க, காசல் விடையில் `n = 0`, `n = 1` போடுங்கள். 1-உம் 2.5-உம் வரவேண்டும். மேலே உள்ள பின்னத்தை நீள் வகுத்தல் செய்தாலும் முதல் இரண்டு கெழுக்கள் இவைதான். பரீட்சை ஹாலில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து ரெக்கார்டு. அப்சர்வேஷனில் இருப்பதை ரெக்கார்டில் ஏற்றுவதற்கு அமைதி தேவையில்லை. ரூமில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தாலும் எய்ம், அப்பரேட்டஸ், டேபிள் எல்லாம் எழுதிவிடலாம். கன்வல்யூஷன் அப்படி இல்லை. அதனால் விடிகாலை ஐந்திலிருந்து மெஸ்ஸில் டிபன் போடும் வரை கணக்கு, சாயங்காலம் டீக்கு அப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரை ரெக்கார்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில் போட்ட கணக்குகளில் இரண்டை நோட்டைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள்.

ரெக்கார்டிலும் முதலில் முடிக்கவேண்டியது கிராஃப். ஆம்ப்ளிஃபயர் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸுக்கு செமிலாக் ஷீட் வேண்டும். கடைசி நேரத்தில் ஸ்டோரில் தீர்ந்துபோய்விடும், இன்றே வாங்கி வையுங்கள். நான்காம் நாளுக்குள் எழுதி முடித்து ஐந்தாம் நாளே கையெழுத்துக்கு வைத்துவிட்டால், மேடம் ஏதாவது திருத்தச் சொன்னாலும் ஒரு நாள் கையில் இருக்கும். வாரத்துக்கு நடுவில் பிராக்டிகல் வந்தால் ஆறாம் நாள் வேலையில் டிடிஎஃப்டி-யைச் சுருக்கிக்கொள்ளுங்கள், இசட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆர்ஓசி-க்குள் யூனிட் சர்க்கிள் இருந்தால் `z = e^(jω)` என்று போட்டாலே டிடிஎஃப்டி கிடைத்துவிடும்.